பெரியவள் போட்ட தொண்ணூற்றெட்டு

அந்த முதல் ஃபைலுக்குப் பெரியவள் போட்டிருக்க வேண்டியது தொண்ணூறு. போட்டது தொண்ணூற்றெட்டு. எட்டே எட்டு மதிப்பெண்தானே, இதில் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று அன்றைக்கு நினைத்தாள். யார் குடி முழுகியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பெரியவளும் சின்னவளும் உடன்பிறந்தவர்கள். நாலு வயது வித்தியாசம். பெரியவள் ஆறு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து ஆங்கில ஆடியோவைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கிற வேலை பார்க்கிறாள். கூட்டம், நேர்காணல், வகுப்பு, விசாரணை, எது வந்தாலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலுக்கடியில் பெடலை வைத்து நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, பேசினதைப் பேசினபடி தட்டித் தள்ளுவாள். எந்நேரமும் காதில் அது இருப்பதால் வீட்டுக்காரர் அவளை ‘ஏர்போர்ட்’ என்று கூப்பிடுவார். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் விமானத்தை இறக்குகிறவன் மாதிரி கையைத் தூக்கி ஆட்ட வேண்டியிருக்கிறதாம்.

சின்னவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மதியம் பன்னிரண்டுக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் விடுவார்கள். புருஷன் போய் மூன்று வருஷமாகிறது. ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா இருக்க மாட்டாள். எதிர்வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு ஒன்பதரை வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தை. அவர்களும் நல்லவர்கள்தான், ஆனால் அடுத்தவர் வீட்டு சோபாவில் குழந்தை எத்தனை நாள்தான் நுனியிலேயே உட்காரும்?

அதனால்தான் அன்றைக்கு, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, உன் வேலையை நான் கற்றுக்கொள்ள முடியுமா, எவ்வளவு வரும் என்று சின்னவள் கேட்டாள். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக இவள் பார்ப்பதும் ஒரு வேலையா என்று பேசின உறவுக்காரர்கள் இரண்டு பேர் அந்தச் சமயம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலைக் கொஞ்சம் ஏற்றித்தான் பதில் சொன்னாள். ஆரம்பத்தில் ஆடியோ நிமிடத்துக்கு அரை டாலர், ஒரு மணி நேர ஆடியோ முடித்தால் முப்பது டாலர், அடுத்த நிலைக்குப் போனால் நிமிடத்துக்கு முக்கால். ஒரு மணி நேர ஆடியோவை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சின்னவள் கேட்டதற்கு, மிஞ்சிப் போனால் இரண்டு மணி நேரம் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

சுத்தப் பொய். ஆறு வருஷ அனுபவம் இருக்கிற அவளுக்கே, தெளிவான ஆடியோவாக இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம்கூட ஆகும். பணம் கொடுப்பது ஆடியோவின் நிமிடத்துக்கு, நாம் முதுகு வலிக்க உட்கார்ந்த நிமிடத்துக்கு இல்லை. அப்படிப் பார்த்தால் ஆரம்பக்காரருக்கு ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் முப்பது டாலர் தேறாது. அதிலும் பணம் அனுப்புகிற செலவு என்று கொஞ்சம் கழிப்பார்கள். இதெல்லாம் பெரியவளுக்கு அத்துப்படி. ஆனால் தங்கையின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் மீதிப் பாதியை மென்று விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பின்னால் வேறொரு கடனும் இருந்தது. பணக் கடன் இல்லை. பெரியவள் படித்தது ஆங்கிலப் பள்ளியில். அந்தப் பள்ளிக் கட்டணத்தை இரண்டு பேருக்கும் கட்ட அப்பாவால் முடியவில்லை. அதனால் சின்னவள் வேறு பள்ளிக்குப் போனாள். அவள் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட இவள் சண்டை போட்டு ஆறியிருப்பாள். சொல்லாமல் இருந்ததுதான் இத்தனை வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

சின்னவள் கெட்டிக்காரி. தட்டச்சு அவளுக்குப் புதிதில்லை, பில் போட்டுப் பழகின கை. நிமிடத்துக்கு ஐம்பது சொல் வந்தது. பெரியவளுக்கு ஃபைல் கொடுக்கிற நிறுவனம் கேட்டது நாற்பதுதான். நுழைவுத் தேர்வில் சுத்தமான குரலில் மூன்று நிமிட ஆடியோ ஒன்று வந்தது, அதை மூன்று முறை கேட்டு எழுதிப் பாஸாகிவிட்டாள். நானூற்றிருபத்திரண்டு என்று ஒரு எண் கொடுத்தார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான்.

ஐம்பது வேகம் இருந்தால் என்ன குறை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். மனுஷன் பேசுவது நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல். வெறுமனே தட்டுவதற்கே மூன்று மடங்கு நேரம் போய்விடும். அப்புறம் இருமல், தேநீர்க் கோப்பைச் சத்தம், ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குறுக்கே விழுவது, எங்கேயோ பிறந்து எங்கேயோ வளர்ந்த உச்சரிப்பு. திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். யார் பேசுகிறார் என்று குறிக்க வேண்டும். ஊர் பேர், மருந்துப் பேர் வந்தால் தேடிப் பார்த்துச் சரியாக எழுத வேண்டும். கடைசியில் ஒரு முறை முழுக்க ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலையில் விரல் பழகுவதைவிடக் காது பழகத்தான் நாளாகும்.

பெரியவள் அந்தச் சமயம் எழுதுகிறவளாக மட்டும் இல்லை. ஒரு வருஷமாக அதே நிறுவனத்தில் சரிபார்ப்பவளாகவும் இருந்தாள். ஆரம்பக்காரர்கள் அனுப்புகிற ஃபைலை ஆடியோவோடு ஒப்பிட்டு, தப்பைத் திருத்தி, நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு மேலே அனுப்ப வேண்டும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே மூன்று ஃபைல் வந்தால் அந்த எண்ணை மூடிவிடுவார்கள். சராசரி தொண்ணூற்றெட்டு இருந்தால் மூன்று மாதத்தில் அடுத்த நிலை. சொந்தக்காரர் ஃபைலைத் தொடக் கூடாது என்பது விதி. தங்கை என்று நிறுவனத்துக்குத் தெரியாது. இவளும் சொல்லவில்லை. வரிசையில் நானூற்றிருபத்திரண்டு வந்ததும் தானே எடுத்துக்கொண்டாள்.

பத்து நிமிட ஆடியோ. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு சொல். தொண்ணூற்றெட்டு வாங்க வேண்டுமானால் முப்பது தப்புக்கு மேல் இருக்கக் கூடாது. பெரியவள் எண்ணிக்கொண்டே போனாள். முதல் இரண்டு பக்கத்திலேயே முப்பதைத் தாண்டியது. விட்டுப்போன சொற்கள், ஒருவர் பேச்சு இன்னொருவர் பேருக்குப் போனது, தெளிவாகக் கேட்கிற இடத்தில்கூட ‘தெளிவில்லை’ என்ற குறி. முடிவில் நூற்று நாற்பத்தேழு. தொண்ணூறு.

ஆரம்பக்காரருக்குத் தொண்ணூறு ஒன்றும் கேவலம் இல்லை. முதல் வாரத்திலேயே யாரும் தொண்ணூற்றெட்டு வாங்குவதில்லை. ஆறு மாதம் வீட்டில் பழகிவிட்டு வா என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அந்தச் சமையலறையில் அளந்துவிட்ட அளப்புக்கு அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? நூற்று நாற்பத்தேழையும் தானே திருத்தினாள். வாடிக்கையாளருக்கு நல்ல பிரதிதானே போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே பூசி மெழுகினாள். ‘திருத்தங்களை எழுதியவருக்குக் காட்டு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலிருந்த குறியை எடுத்துவிட்டாள். தொண்ணூற்றெட்டு என்று அடித்து அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில் தங்கையிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். தொண்ணூற்றெட்டு வந்திருக்கிறதாம், முதல் ஃபைலுக்கே. பத்து நிமிஷத்துக்கு இரண்டு மணி நேரம் பிடித்ததே, அதுதான் கவலையாக இருக்கிறது என்றாள். வேகம் தன்னால் வரும் என்று பெரியவள் சமாதானம் சொன்னாள். போனை வைத்ததும் அந்தக் கட்டத்தில் குறி இல்லைதானே என்று இன்னொரு தரம் திறந்து பார்த்தாள்.

ஒரு முறை செய்ததை நிறுத்துவது எப்படி? அடுத்த ஃபைலுக்கு உண்மையைப் போட்டால் தொண்ணூற்றெட்டு எப்படித் தொண்ணூறு ஆனது என்று கேட்பாளே. அதனால் அடுத்ததற்கும் தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்ததற்கு, சந்தேகம் வராமல் இருக்கட்டும் என்று, தொண்ணூற்றேழு. சராசரி இறங்காமல் இருக்க அதற்கும் அடுத்ததற்குத் தொண்ணூற்றொன்பது. கள்ளத்தனத்தில் எத்தனை நுணுக்கம் பாருங்கள். தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போகிற வரைக்கும் தங்கை எழுதுவாள். சாயங்காலம் அக்கா அதையெல்லாம் திரும்ப எழுதுவாள். சின்னவளோ அதே தப்பை அதே இடத்தில் மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு அது தப்பென்று யார் சொன்னார்கள்?

அந்த மாதம்தான் நானூற்றிப் பதினேழு வந்தது. அதுவும் ஒரு ஆரம்ப எண். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. தப்புகள் அப்படியே சின்னவள் செய்கிற தப்புகள்தான். பெரியவள் அதற்குத் தொண்ணூற்றொன்று போட்டாள், அடுத்ததற்குத் தொண்ணூற்றிரண்டு, மூன்றாவதற்குத் தொண்ணூற்றொன்று. நேர்மையாக எண்ணிப் போட்டது, ஒன்று கூட்டவில்லை, குறைக்கவில்லை. எண்ணை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன்னால் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. எங்கே தவறுகிறேன் என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன், இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தது. பெரியவள் எல்லோருக்கும் அனுப்புகிற வழக்கமான பதிலையே அனுப்பினாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்ன ஏர்போர்ட், விமானம் எல்லாம் ரத்தா என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. சின்னவளுக்கு அடுத்த நிலை கிடைத்துவிட்டது, நிமிடத்துக்கு முக்கால் டாலர். வேறு யாருக்காவது என்றால் கொண்டாட வேண்டிய சேதி. பெரியவளுக்கு அப்படி இல்லை. அடுத்த நிலை ஃபைல்கள் இவள் கைக்கு வராது. அதற்கு வேறு சரிபார்ப்பவர்.

அதோடு நிற்கவில்லை. இனிமேல் கடை வேண்டாம், திங்கட்கிழமை கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று சின்னவள் சொன்னாள். மகளிடம் சொல்லிவிட்டாளாம். அது அன்றைக்கே எதிர்வீட்டில் போய், நாளையிலிருந்து நான் வர மாட்டேன், எங்கம்மா இருப்பாங்க என்று அறிவித்துவிட்டு வந்ததாம்.

கடிதம் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். இதை விட்டால் வேறு நேரம் இல்லை. திங்கட்கிழமை பெரியவள் கிளம்பி நேரே மருந்துக்கடைக்குப் போனாள். வழி நெடுக எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள்.

கடையில் கூட்டம். சின்னவள் கல்லாப் பக்கத்தில் நின்று ஒரு மருந்துச் சீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கிறுக்கின கிறுக்கலில் ஒரு மருந்தின் பேர் புரியவில்லை. வாங்க வந்தவர் அவசரப்பட்டார், போன தடவை கொடுத்த மாத்திரைதான் இருக்கும், கொடும்மா என்றார். சின்னவள் அசையவில்லை. டாக்டர் வீட்டுக்கு போன் போட்டு, பேரைக் கேட்டு, சீட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் மாத்திரையை எடுக்கச் சொன்னாள். பெரியவள் வாசலோரம் நின்று இதைப் பார்த்தாள். இந்த இடத்தில் என் தங்கைக்கு நூற்றுக்கு நூறு என்று தோன்றியது.

அக்காவைப் பார்த்ததும் சின்னவள் முகம் பூத்துவிட்டது. சரியான நேரத்துக்கு வந்திருக்கிறாயே என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஏம்மா, ஏழு வருஷ வேலையை விடுகிறாயே, நன்றாக யோசித்தாயா என்று கேட்டார். சின்னவள் அக்காவைக் காட்டி, இவங்க இதே வேலையில் இருக்காங்க, எனக்குத் தொண்ணூத்தெட்டு வருது என்றாள்.

முதலாளி பெரியவளைப் பார்த்தார். உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கடைக்காரர், வாடிக்கையாளர், பக்கத்தில் மாத்திரை எடுக்கிற பையன், இத்தனை பேர் முன்னால் தங்கையைத் தலைகுனிய வைப்பதா? வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை, வெறும் தலையாட்டல். அது போதுமானதாக இருந்தது. சரி, வியாழக்கிழமைக்குள் வேறு ஆள் பார்க்கிறேன் என்று முதலாளி கடிதத்தை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

வீட்டில் போயும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. புதன்கிழமை போனை எடுத்து எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். வியாழக்கிழமை புது ஆள் வந்துவிட்டாள்.

பத்தே நாள். அடுத்த நிலையில் முதல் ஃபைல் தொண்ணூறு. இரண்டாவது எண்பத்தொன்பது. மூன்றாவது தொண்ணூற்றொன்று. எண்ணை மூடப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. மறுநாள் காலையில் சின்னவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். தூங்கின முகமாக இல்லை. புதிதாகச் சரிபார்க்கிற ஆளுக்குத் தன்மேல் ஏதோ காழ்ப்பு என்று சொன்னாள். பக்கம் பக்கமாகச் சிவப்படித்துத் தள்ளியிருக்கிறானாம். மேலாளருக்குப் புகார் எழுதப் போகிறாளாம். முந்தைய மூன்று மாத மதிப்பெண்ணையும் ஆதாரமாகச் சேர்த்து அனுப்பினால் அவன் வண்டவாளம் தெரிந்துவிடும் என்றாள். புகாரைத் தட்டியும் வைத்திருந்தாள். ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக் கொடு அக்கா, அவ்வளவுதான்.

பெரியவள் அதைப் படித்தாள். எழுத்துகள் கண்ணில் மிதந்தன. இது போனால் தன் வேலை போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நினைப்பு, போகட்டும். லேப்டாப்பை மூடினாள்.

“அந்த ஆள் போட்டதுதான் சரி,” என்றாள்.

“எது சரி?”

“தொண்ணூறு. உனக்கு மொத நாள்லேருந்தே தொண்ணூறுதான். தொண்ணூத்தெட்டுன்னு போட்டது நான். உன் ஃபைலையெல்லாம் நான்தான் சரிபாத்தேன். தப்பையெல்லாம் நானே திருத்திட்டு, உனக்குத் தெரியாம மறைச்சிட்டேன்.”

சின்னவள் முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

“காட்டு,” என்றாள்.

பெரியவள் தன் கணினியைத் திறந்து, முதல் ஃபைலை எடுத்து, அந்தக் கட்டத்தில் குறியைப் போட்டாள். பக்கம் முழுக்கச் சிவப்பு. சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஒரு ஃபைல் முடிந்து இரண்டாவது. இரண்டாவது முடிந்து ஐந்தாவது. நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து, இதே தப்பை முப்பது ஃபைலிலும் பண்ணியிருக்கிறேனா என்று மட்டும் கேட்டாள். பெரியவள் தலையை ஆட்டினாள். அழுதால் தேவலை, திட்டினால் இன்னும் தேவலை என்று காத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

தொண்ணூற்றைந்துக்குக் கீழே மூன்று வந்தால் மூடிவிடுவார்களாமே, யாரையாவது அப்படி மூடினார்களா என்று சின்னவள் கேட்டாள். பெரியவள் நானூற்றிப் பதினேழைப் பற்றிச் சொன்னாள். அந்தச் செய்தியையும் சொன்னாள். இப்போது மறைக்க என்ன இருக்கிறது?

சின்னவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

“அப்ப நீ உள்ளதப் போட்டிருந்தா, மொத மாசத்துலயே என்னையும் மூடியிருப்பாங்க.”

“ஆமா.”

“ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் பன்னெண்டு மணிக்குக் கடைக்குப் போயிருப்பேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. உனக்கு நல்லது பண்ணணும்னுதான் என்று பெரியவள் ஆரம்பித்தாள். பாதியில் அந்த வாக்கியம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது, நிறுத்திவிட்டாள். எனக்கு வருகிற பணத்தில் மாதாமாதம் தருகிறேன் என்றாள். சின்னவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒன்று மட்டும் சொன்னாள். நிறுவனத்துக்கு நீயே எழுது, என்னைப் பற்றி எழுதினால் நானூற்றிப் பதினேழைப் பற்றியும் எழுது.

அன்று மதியம் சின்னவள் கடைக்குப் போய் முதலாளியைப் பார்த்திருக்கிறாள். புதுப் பெண்ணுக்கு ஒரு மாதம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது, இப்போது எப்படியம்மா அனுப்புவது என்று அவரும் சங்கடப்பட்டாராம். இடம் காலியானால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னாராம். இது பெரியவளுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

பெரியவள் எழுதினாள். ஒன்றையும் விடாமல், எந்தெந்த ஃபைல், எவ்வளவு போட்டேன், எவ்வளவு போட்டிருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பினாள். இரண்டாம் நாள் பதில் வந்தது. சரிபார்க்கிற வேலை அவளுக்கு இனிமேல் இல்லை. எழுதுகிற வேலை மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். நானூற்றிருபத்திரண்டு பழைய நிலைக்கே திரும்பும், வேறொருவர் சரிபார்ப்பார், பத்து ஃபைல் பார்த்து முடிவு செய்வார்கள். நானூற்றிப் பதினேழு மூடின எண். அந்த ஆளை மறுபடி அழைக்க வழியில்லை, முகவரி தர அனுமதியும் இல்லை. மன்னிப்புக் கேட்கக்கூட ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

ஒரு வாரம் கழித்துச் சின்னவள் கூப்பிட்டாள். பழைய சிரிப்புப் பேச்செல்லாம் இல்லை. பயிற்சிக்கு ஒரு பத்து நிமிட ஆடியோ எடுத்து வைத்திருக்கிறேன், வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவள் போனாள்.

மேசையில் சமையலறை டைமர் இருந்தது. சின்னவள் அதைத் திருகிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடையில் இரண்டு தரம் தங்கை திணறியதைப் பார்த்து, இந்த இடத்தைத் திரும்பக் கேளேன் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள். முடிக்க ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆனது. அப்புறம் பெரியவள் ஆடியோவை ஓடவிட்டு ஒவ்வொன்றாகக் குறித்தாள். இந்தத் தடவை சின்னவள் கண்முன்னாலேயே, ஒவ்வொரு சிவப்பையும் ஏன் என்று சொல்லிச் சொல்லிக் குறித்தாள். அதற்கே மதியம் தாண்டிவிட்டது. நூற்றிருபது தப்பு.

“எவ்ளோ?” என்று சின்னவள் கேட்டாள்.

ஆறு வருஷத்தில் வேறு எந்த எண்ணையும் பெரியவள் இவ்வளவு பயத்தோடு தட்டியதில்லை. தொண்ணூற்றிரண்டு.

“மூணு மாசத்துல ரெண்டுதான் ஏறியிருக்கு,” என்றாள் சின்னவள். “காட்டியிருந்தா ஏறியிருக்கும்.”

சின்னவள் சுவரில் தொங்கின காலண்டரில் அன்றைய தேதிக்குள் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினாள். பக்கத்தில் எடுத்த நேரத்தையும் எழுதினாள். மேலே பழைய மாதங்களில் எழுதி வைத்திருந்த தொண்ணூற்றெட்டையெல்லாம் ஏற்கெனவே பேனாவால் அடித்திருந்தாள். அடுத்த ஆடியோவைத் தேடி எடுத்தாள். இதையும் பார்த்துவிட்டுப் போ என்றாள். உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் முழுதாகச் சொல்லவில்லை. பெரியவள் எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்கு வாசலில் புத்தகப்பை விழுகிற சத்தம். குழந்தை ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து அம்மாவின் முதுகைக் கட்டிக்கொண்டது. பெரியம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. மூன்று வாரமாகத் தினமும் கேட்கிற கேள்வியை அன்றைக்கும் கேட்டது.

“அம்மா, இனிமே எப்பவுமே நீ வீட்லதானே?”

சின்னவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். மகளின் தலையைக் கோதிவிட்டாள். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

“கொஞ்ச நாளைக்கு,” என்றாள்.

குழந்தைக்கு அதுவே போதுமாக இருந்தது. கூடத்து சோபாவில் குதித்து ஏறி, காலை நீட்டி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் டைமர் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தது.